பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருவர் பாட்காஸ்ட்: நாற்காலியில் தொடங்கி கட் வரை

கேள்வி: நானும் என் தோழியும் வீட்டுக்கடன், பத்திரம், பட்டா பற்றி ஒரு வீடியோ பாட்காஸ்ட் தொடங்கப் போகிறோம். அவர் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவர். கேள்வி கேட்பது பெரும்பாலும் நான். அறை 10-க்கு 12 அடி. ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா இரண்டு, இரண்டுக்கும் 35 மி.மீ. லென்ஸ், ஒரு போன் இருக்கின்றன. லைட் இன்னும் வாங்கவில்லை. கேமராவை எங்கெங்கே வைப்பது? லைட் எப்படி? எடிட்டில் யாரை எப்போது காட்டுவது?

பதில்:

கேமராவைத் தொடுவதற்கு முன் நாற்காலியைப் போடுங்கள். கட் எங்கே சரியாக விழும், எங்கே உறுத்தும் என்பதில் பாதி நாற்காலியிலேயே முடிவாகிவிடுகிறது. இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் கேமராவுக்கு இரண்டு காதுகள்தான் தெரியும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தால் பேச்சு செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடும். ஒருவரை ஒருவர் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி இருவருக்கும் வலிக்கும்.

10 அடி சுவரைப் பின்னணியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 12 அடி நீளம் முழுக்கக் கேமராக்களுக்குக் கிடைக்கும். இரண்டு நாற்காலிகளையும் தலை பின்சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளி இருக்கும்படி போடுங்கள். தலைக்கும் தலைக்கும் இடையே நாலரை அடி. ஒவ்வொரு நாற்காலியையும் மற்றவர் பக்கமாகப் பாதி திருப்புங்கள். உடம்பு பாதி கேமரா பக்கமும் முகம் முழுக்க எதிராளி பக்கமும் இருக்கும். சக்கரம் வைத்த சுழல் நாற்காலி வேண்டாம். பேச்சு சூடானதும் மனிதர்கள் தன்னையறியாமல் சுழல்வார்கள், ஃபிரேம் போய்விடும். இருவரில் ஒருவர் குள்ளம் என்றால் அவருக்கு ஒரு தலையணை போட்டு இருவர் கண்ணையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி வரும். மூன்று லென்ஸும் அந்த உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

கோடும் சிங்கிள் கேமராக்களும்

உங்கள் மூக்கிலிருந்து தோழியின் மூக்குக்கு ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கேமராவும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில், அதாவது பின்சுவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாண்டினாலும் கட் செய்யும்போது இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் தெரியும். சோதிப்பது எளிது. ஒருவரை மட்டும் காட்டும் இரண்டு சிங்கிள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மூக்கு இடப்பக்கமும் மற்றவர் மூக்கு வலப்பக்கமும் நீண்டிருந்தால் சரி.

சிங்கிள் கேமராக்களைக் குறுக்காக வையுங்கள். இடப்பக்கக் கேமரா வலப்பக்கத்தில் இருப்பவரை எடுக்கும், வலப்பக்கக் கேமரா இடப்பக்கத்தில் இருப்பவரை எடுக்கும். புதியவர்கள் அவரவர்க்கு நேர் எதிரே கேமராவை வைத்துவிட்டு, பேசும்போது முகம் பக்கவாட்டில் போகிறதே என்று குழம்புவார்கள். நீங்கள் பேசும்போது பார்ப்பது கேமராவை அல்ல, தோழியை. ஆகவே உங்களை எடுக்கும் கேமரா அவர் தோளுக்கு முன்னால், சற்று வெளியே இருந்தால்தான் உங்கள் இரண்டு கண்ணும் விழும்.

உங்கள் அறையில் அந்த இடம் இப்படி வரும். அறையின் நடுக்கோட்டிலிருந்து 3 அடி இடப்பக்கம், பின்சுவரிலிருந்து ஏழேகால் அடி. அங்கிருந்து வலப்பக்கம் இருப்பவர் முகம் ஆறரை அடி தூரம். பார்வைக் கோட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே 35 டிகிரி போல இருக்கும். 20-க்குக் கீழே போனால் அவர் லென்ஸைப் பார்க்க முயன்று தவறவிட்டதுபோல் இருக்கும். 50-ஐத் தாண்டினால் ஒரு கண்தான் தெரியும். மறுபக்கக் கேமராவை இதே அளவில் கண்ணாடி பிம்பம் போல வையுங்கள். தூரம் ஒன்றாக இருந்தால் இரு முகங்களும் ஒரே அளவில் வரும். ஒருவர் முகம் பெரிதாகவும் மற்றவர் முகம் சிறிதாகவும் இருந்தால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு குலுக்கல் இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, எரிச்சல் மட்டும் தெரியும்.

ஃபிரேமின் அகலத்தை டேப் வைத்தே கணக்கிடலாம்.

```
அகலம் = தூரம் × சென்சார் அகலம் ÷ லென்ஸ்
6.5 அடி × 23.5 ÷ 35 = 4.4 அடி
```

நாலரை அடி அகலம் என்றால் உயரம் இரண்டரை அடி. தலையிலிருந்து மார்புக்குச் சற்றுக் கீழ்வரை வரும், கை அசைவும் ஓரளவு தெரியும். பாட்காஸ்ட்டுக்கு இதுதான் சரியான அளவு. சில கேமராக்கள் 4கே-யில் சென்சாரின் ஓரங்களை வெட்டிவிடும். உங்களுடையதும் அப்படி என்றால் ட்ரைபாடை அரை அடியோ ஒரு அடியோ பின்னால் நகர்த்துங்கள். கண் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். வலப்பக்கம் இருப்பவர் ஃபிரேமின் வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் பார்க்கட்டும். முகத்துக்கு முன்னால் இடம் விட்டால்தான் அங்கே இன்னொருவர் இருக்கிறார் என்பது தெரியும்.

சின்ன அறையில் பலர் கவனிக்காமல் மாட்டிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பின்சுவரை அழகாக அலங்கரிப்பார்கள். ஆனால் சிங்கிள் கேமரா குறுக்காகப் பார்ப்பதால், மேலே சொன்ன கோணத்தில் வலப்பக்கம் இருப்பவருக்குப் பின்னால் விழுவது பின்சுவர் அல்ல. வலது பக்கச் சுவரும் அந்த மூலையும்தான் விழும். அங்கே ஸ்விட்ச் போர்டும் காலண்டரும் இருந்தால் ஒரு மணி நேரம் அதைத்தான் காட்டுவீர்கள். ஆகவே அலங்காரம் இரண்டு மூலைகளுக்கு. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன விளக்கு, ஒரு செடி அல்லது புத்தக அலமாரி போதும். இரு மூலையும் ஒரே அறைபோல் இருக்கட்டும், ஆனால் ஒன்றுபோலவே இருக்க வேண்டாம். கட் நடந்ததே தெரியாமல் குழப்பும்.

போன் எங்கே?

இருவரையும் சேர்த்துக் காட்டும் ஒயிட் ஷாட்டுக்குப் போன். நடுக்கோட்டில், முன்சுவரை ஒட்டி, உங்களிடமிருந்து 7 அடி தள்ளி. போனின் முதன்மை லென்ஸ் பொதுவாக 24-லிருந்து 26 மி.மீ. வரைக்குச் சமம். அந்தத் தூரத்தில் ஒன்பதரை அடி அகலம் பிடிக்கும். உங்கள் அறையே 10 அடிதான். பின்சுவர் இன்னும் மூன்றரை அடி தள்ளி இருப்பதால் பக்கச்சுவர் இரண்டும், கதவும் உள்ளே வந்துவிடும். இரண்டு மடங்கு ஜூம் போட்டால் நாலேமுக்கால் அடிதான் வரும், தலைகள் விளிம்பில் முட்டும். வழி இது. போனில் ஜூம் போடாமல் 4கே-யில் எடுங்கள். எடிட்டில் 1080 டைம்லைனில் வைத்து, முழு ஃபிரேமும் பொருந்தும் அளவிலிருந்து 140 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். 4கே-யில் ஒவ்வொரு பக்கமும் இருமடங்கு பிக்சல் இருப்பதால் தெளிவு குறையாது. அகலம் ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்து, பின்சுவர் ஃபிரேமை நிறைத்து நிற்கும்.

ஒயிடையே இன்னும் பெரிதாக்கி ஆளுக்கொரு சிங்கிளாக வெட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றும். அவசரத்துக்குச் செய்யலாம். ஆனால் கோணம் மாறாமல் அளவு மட்டும் மாறும் கட், கேமரா திடீரென்று முன்னால் குதித்ததுபோல்தான் இருக்கும். மேலே சொன்ன அமைப்பில் ஒயிடுக்கும் சிங்கிளுக்கும் இடையே ஐம்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. கட் இயல்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். குறைந்தது 30 டிகிரி மாற வேண்டும் என்பது படத்தொகுப்பில் பழைய விதி.

நேயர்களிடம் நேரடியாகப் பேச வேண்டிய இடங்களில், அதாவது வணக்கம் சொல்லும்போதும் முடிக்கும்போதும், போனைத்தான் இருவரும் பார்க்க வேண்டும். எந்த லென்ஸ் என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் பார்ப்பார். போன் திரையோ கேமராத் திரையோ பேசுபவர் கண்ணில் படாதபடி திருப்பிவிடுங்கள். தன் முகம் தெரிந்தால் யாராக இருந்தாலும் கண் அங்கே போகும்.

லைட்: ஒன்று பெரிது, இரண்டு சிறிது

கடையில் போனால் ஆளுக்கொரு சாஃப்ட்பாக்ஸ் என்று இரண்டு ஸ்டாண்ட் தருவார்கள். உங்கள் அறையில் அவற்றை வைக்க நல்ல இடம் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் நகர்த்தினால் ஒருவருக்கு முகத்தில் விழும் ஒளி, பக்கத்திலேயே இருக்கும் மற்றவரின் காதையும் முதுகையும் பல மடங்கு வெளிச்சத்தில் சுட்டுவிடும். பின்னால் வைத்தால் ஒயிடில் தெரியும்.

ஆகவே இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு விளக்கு, நடுவில், தலைக்கு மேலே. 60 வாட் சிஓபி எல்இடி ஒன்று, அதன்மேல் 65 செ.மீ. லேண்டர்ன் சாஃப்ட்பாக்ஸ், அதாவது உருண்டையான வெள்ளைத் துணிக்கூடு. இருவர் தலைக்கும் நடுவே, பின்சுவரிலிருந்து நாலேகால் அடியில் தொங்கட்டும். கூட்டின் அடிப்பகுதி தரையிலிருந்து ஐந்தேமுக்கால் அடி. மூன்று ஃபிரேமுக்கும் மேலே மயிரிழையில் தப்பும் உயரம் அது, ஒவ்வொரு முறையும் ஒயிடில் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த இடத்திலிருந்து வரும் ஒளி முகத்தில் பார்வை போகும் பக்கமாக விழும். கேமராவுக்கு அருகிலுள்ள கன்னத்தில் இலேசாக நிழல் நிற்கும். முகத்துக்குக் கனம் கொடுப்பது அந்த நிழல்தான்.

இதைத் தாங்கக் குறுக்குக்கை உள்ள பூம் ஸ்டாண்ட் வேண்டும், கை 6 அடியாவது நீள வேண்டும். ஸ்டாண்டை ஒரு சிங்கிள் கேமராவுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்துங்கள். குறுக்குக்கையின் மறுமுனையில் எடைக்குச் சமமாக ஒரு மணல்மூட்டை, காலில் இன்னொன்று. இது இரண்டு பேர் தலைக்கு நடுவே தொங்கும் பொருள், இதில் சிக்கனம் கூடாது. உயரமானவர் எழும்போது பின்பக்கமாக எழச் சொல்லுங்கள்.

ஒளி மேலிருந்து வருவதால் கண்குழியிலும் தாடைக்குக் கீழும் நிழல் கூடும். நடுவில் இருக்கும் சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்தால் பாதி சரியாகிவிடும். மீதிக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, ஒவ்வொரு சிங்கிள் கேமராவின் லென்ஸுக்குக் கீழே ஒன்று, முகத்தைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். சினிமாக்காரர்கள் இன்றும் தெர்மோகோலை விடவில்லை என்றால் காரணம் இருக்கிறது. கண்ணாடி போட்டவர் என்றால் அட்டையின் வெள்ளை கண்ணாடியில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அட்டையைக் கீழே இறக்குங்கள்.

இரண்டாவது, மூன்றாவது விளக்குகள் மூலைகளுக்கு. ஐந்து, பத்து வாட் மேசை விளக்கே போதும். முகத்தைவிட மூலை ஒரு ஸ்டாப்போ ஒன்றரை ஸ்டாப்போ இருட்டாக இருக்க வேண்டும். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்.

இருவர் நிறமும் வேறு என்றால் மாநிறத்தவர் படத்தில் மாநிறமாகவே இருக்கட்டும். அவரை வெளுப்பாக்கிச் சமப்படுத்த முயன்றால் பின்னணியும் சட்டையும் வெளுத்துப் போகும். ஆனால் அவர் முகத்தில் விவரம் தொலைகிறது என்றால் லேண்டர்னை அவர் பக்கம் அரை அடி நகர்த்துங்கள். இவ்வளவு அருகில் தொங்கும் விளக்கு அரை அடி நகர்ந்தாலே இருவர் முகத்துக்கும் இடையே அரை ஸ்டாப் வித்தியாசம் வந்துவிடும். விளக்கு தொலைவில் இருந்தால் இந்த வசதி கிடைக்காது.

எல்இடி வாங்கும்போது வாட்டைவிட, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ 95-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் தோல் பச்சையோ சாம்பலோ அடிக்கும், அதை எடிட்டில் மீட்பது பெரும்பாடு. அறையின் ட்யூப்லைட்டை அணையுங்கள். ஜன்னலைக் கனமான திரையால் மூடுங்கள். மேகம் வந்து போனால் ஒரே வாக்கியத்தில் பாதி முகம் ஒரு நிறம், மீதி வேறு நிறம் ஆகிவிடும். மின்விசிறியும் ஓடக் கூடாது. அதன் காற்று மைக்கிலும், அசைவு முடியிலும் தெரியும். ஏசி இருந்தால் முன்கூட்டியே அறையைக் குளிர வைத்துவிட்டு அணைக்கலாம்.

அளவுகளைப் பூட்டுதல்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும். ஆகவே மூன்றிலும் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. 30 பிரேமும் 1/60-ம் வைத்தால், மூலையில் இருக்கும் மேசை விளக்கைச் சுற்றிப் பட்டை பட்டையாக நிழல் மேலேறும். பதிவு செய்தபின் இதைச் சுத்தமாக நீக்க முடியாது.

ஒயிட் பேலன்ஸ் மூன்றிலும் ஒரே எண். விளக்கு பகல்நிறம் என்றால் 5600. ஆட்டோ எதிலும் வேண்டாம். ஒருவர் வெள்ளைத் தாளைக் கையில் எடுத்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் அவர் முகத்தைக் கருப்பாக்கிவிடும். போனில் Blackmagic Camera என்ற இலவசச் செயலியைப் போட்டு 25 பிரேம், 1/50, 5600 எல்லாவற்றையும் பூட்டலாம். போனில் எச்டிஆர் பதிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மற்ற இரண்டோடு நிறம் ஒட்டவே ஒட்டாது.

லென்ஸை எஃப் 4-ல் வையுங்கள். எஃப் 1.8 வைத்தால் பின்னணி கரையும் என்ற ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆறரை அடியில் அப்போது தெளிவாக இருக்கும் ஆழம் முக்கால் அடிதான். தோழி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல முன்னால் சாய்வார், மங்கிவிடுவார். எஃப் 4-ல் ஒன்றேமுக்கால் அடி கிடைக்கும். ஃபோகஸை முகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் பேசலாம்.

மைக் பற்றி இங்கே தேவையான அளவுக்கு மட்டும். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தனி ட்ராக். மைக்கை வாய்க்குச் சற்றுக் கீழே, பின்சுவர் பக்கமாகக் கொண்டுவாருங்கள். கேமரா பக்கமாக வைத்தால் வாயை மறைக்கும். வாய் அசைவு தெரியாத முகத்துக்கு கட் செய்தால் யார் பேசுகிறார் என்று பார்ப்பவர் தேடுவார்.

பதிவு

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஓர் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். பழைய மிரர்லெஸ் கேமராக்கள் சில 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிற்கும். சூட்டினாலும் நிற்கும். பேச்சு பாதியில் இருக்கும்போது அது யாருக்கும் தெரியாது. ஆகவே பேச்சை இருபது, இருபத்தைந்து நிமிடப் பகுதிகளாகத் திட்டமிட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் மூன்றையும் நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட் பதிவென்றால் மணிக்கு 45 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு 80 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும்.

மூன்றும் ஓடத் தொடங்கிய பிறகு, மூன்று கேமராவுக்கும் தெரியும்படி ஒருவர் ஒருமுறை கைதட்டுங்கள். பகுதி முடியும்போது நிறுத்துவதற்கு முன் இன்னொருமுறை. முதல் தட்டு ஒன்றுசேர்க்க. கடைசித் தட்டு, விலகியிருக்கிறதா என்று பார்க்க. ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் துளி வித்தியாசமாக ஓடும். மணிக்கு இரண்டு பிரேம் விலகுவது சாதாரணம். உதடு முதலில் அசைந்து குரல் பின்னால் வருவது இரண்டு பிரேமிலேயே சிலருக்கு உறுத்தும். இருபது நிமிடப் பகுதிகளாகப் பிரித்தால் இந்தத் தொல்லையும் அடங்கிவிடும்.

போன் பதிவு வேறுவிதமாகவும் படுத்தும். சில போன்கள் பிரேம் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். MediaInfo என்ற செயலியில் திறந்து பார்த்தால் `Frame rate mode: Variable` என்று இருக்கும். அப்படி இருந்தால் எடிட்டுக்கு முன்பே, ffmpeg என்ற கட்டளைவரி நிரலில் இந்த ஒரு வரியைக் கொடுத்து ஒரே வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

```
ffmpeg -i wide.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le wide_25.mov
```

யாரை, எப்போது

டாவின்சி ரிசால்வில் மூன்று வீடியோவையும் மைக் ஒலியையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் `Create New Multicam Clip Using Selected Clips`, அதில் `Angle Sync` என்பதை `Sound` என வையுங்கள். ஒலியலையைப் பார்த்து அதுவே ஒன்றுசேர்க்கும். கேமராக்களின் சொந்த மைக்கை அணைத்து வைத்திருந்தால் இது நடக்காது, ஆகவே அவை ஓடட்டும். எடிட் பக்கத்தில் வியூவரை `Multicam` நிலைக்கு மாற்றி, ஓடவிட்டபடி வேண்டிய கோணத்தைக் கிளிக் செய்தால் அங்கே கட் விழும். விழுந்த கட்டில் கோணத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் விண்டோஸில் `Alt` அழுத்திக் கிளிக், மேக்கில் `Option`.

முதலில் பேச்சை வெட்டிச் சுருக்குங்கள், பிறகு கோணம். தலைகீழாகச் செய்தால் வேலை இரட்டிப்பு.

பேசுபவரைக் காட்டு என்பது பாதி விதிதான். அதை அப்படியே பின்பற்றினால் படம் பந்தாட்டம் பார்ப்பதுபோல் இங்கும் அங்கும் ஓடும். நேயர் பார்க்க விரும்புவது, இந்த நொடியில் யார் முகத்தில் ஏதாவது நடக்கிறதோ அவரை. பல சமயம் அது கேட்பவர். ஒரு சின்னப் பகுதியை எடுத்துக்கொள்வோம்.

நீங்கள்: "சரி, கடனை முழுசா அடைச்சாச்சு. பத்திரத்தை பேங்க் எத்தனை நாள்ல திருப்பித் தரணும்?"

தோழி: "முப்பது நாளுக்குள்ள. ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பர்லேர்ந்து."

நீங்கள்: "ம்ம்."

தோழி: "பேங்க் பக்கத்துக் காரணத்தால தாமதமானா, ஒவ்வொரு நாளுக்கும் ஐயாயிரம் ரூபாய் அவங்க உங்களுக்குத் தரணும்."

நீங்கள்: "அவங்க நமக்கா?"

புதிய விஷயம் தொடங்குவதால் "சரி" ஒயிடில். "பத்திரத்தை" என்ற சொல்லுக்கு முன் உள்ள மூச்சில் உங்கள் சிங்கிள். அடுத்த கட், கேள்வி முடிந்த பிறகு அல்ல. "திருப்பித் தரணும்" என்று உங்கள் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தோழியின் முகத்துக்குப் போங்கள். கேள்வி புரிந்து அவர் வாயைத் திறப்பதற்கு முன் முகத்தில் வரும் மாற்றம் அங்கே இருக்கிறது. அது விட்டுப்போனால் பதில் எங்கிருந்தோ குதித்ததுபோல் இருக்கும்.

"ம்ம்" என்பதற்கு கட் கிடையாது. இரண்டு நொடிக்குக் குறைவான எந்தக் குறுக்கீட்டுக்கும் பொதுவாகக் கிடையாது. தமிழில் பேசும்போது "ஆமா", "ஓ", "சரிசரி" என்று கேட்பவர் விடாமல் தாளம் போடுவார். ஒலி வந்த பக்கமெல்லாம் திரும்பினால் நிமிடத்துக்கு முப்பது கட் வந்துவிடும்.

"ஐயாயிரம் ரூபாய்" என்று வரும்போது தோழியின் குரலை ஓடவிட்டு உங்கள் முகத்துக்குப் போங்கள். புருவம் உயர்வது அங்கேதான் தெரியும். "அவங்க நமக்கா?" வரைக்கும் அங்கேயே நில்லுங்கள். இதுவும் இரண்டு நொடிக் கேள்விதான், ஆனால் முகம் முன்பே திரையில் இருப்பதால் உறுத்தாது. அடுத்து இருவரும் சிரித்து ஒரே நேரத்தில் பேசினால் ஒயிட். ஒருவர் மேல் ஒருவர் பேசும்போது சிங்கிளில் மாட்டிக்கொண்டால், எந்தப் பக்கம் வெட்டினாலும் மற்றவர் விடுபடுவார்.

நேரடியாகப் பேச்சு மாறும் இடங்களில், அதாவது முன்கூட்டியே முகத்துக்குப் போகக் காரணம் இல்லாத இடங்களில், புதியவர் குரல் தொடங்கி ஐந்திலிருந்து எட்டுப் பிரேம் கழித்துப் படத்தை மாற்றுங்கள். குரல் கேட்டுத்தான் மனிதர் தலையைத் திருப்புவார். படமும் குரலும் ஒரே பிரேமில் மாறினால் இயந்திரம் வெட்டியதுபோல் இருக்கும். ரிசால்வில் ஒலியைத் தொடாமல் பட விளிம்பை மட்டும் நகர்த்தினால் போதும்.

இருமல், தடுமாற்றம், பாதியில் விட்ட வாக்கியம் ஆகியவற்றை நீக்கிய இடத்தில் ஒரே கோணம் ஒட்டினால் தலை துள்ளும். அங்கே கேட்பவரின் சிங்கிளைப் போடுங்கள். அதுதான் பத்திரமான மறைப்பு, ஏனென்றால் அவர் கை, உடம்பு நிலை அதிகம் மாறியிருக்காது. ஒயிடைப் போட்டு மறைக்க நினைப்பார்கள். ஒயிடில் டம்ளர் கையிலிருந்து மேசைக்குத் தாவியது பளிச்சென்று தெரியும். மறைப்பு முகத்தைப் பக்கத்து நொடிகளிலிருந்து எடுங்கள். வேறெங்கோ சிரித்த சிரிப்பைக் கொண்டுவந்து, கடன்கட்ட முடியாமல் வீடு போனவர் கதைக்குப் பக்கத்தில் ஒட்டினால், உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போகும்.

நீண்ட விளக்கம் வரும்போது பயந்து வெட்ட வேண்டாம். தோழி வட்டிக் கணக்கைச் சொல்லும் ஒரு நிமிடத்தில் அவர் முகத்திலேயே நாற்பது நொடி நிற்கலாம். இடையில் ஒருமுறை உங்கள் முகம் மூன்று நொடி. வெட்டும் இடம் சொல்லின் நடுவில் விழாமல், மூச்சிலோ இமை மூடலிலோ விழட்டும்.

குறுவீடியோத் துண்டுகள் வெளியிடப் போகிறீர்கள் என்றால் சிங்கிள்களையும் 4கே-யில் எடுங்கள். 9:16 செங்குத்து வெட்டுக்கு 4கே-யில் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும், 1080-க்குத் தாராளம். 1080-ல் எடுத்திருந்தால் 607தான், முகம் மெழுகுபோல் ஆகிவிடும். செங்குத்தில் ஒயிடுக்கு இடமில்லை என்பதால், இருவரும் ஒன்றாகச் சிரிக்கும் இடத்தில் இரண்டு சிங்கிளையும் மேலும் கீழுமாக அடுக்குங்கள். பார்வைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அப்போதும் ஒருவரோடொருவர் பேசுவதாகவே தெரியும்.